நீக்கல் வினையில் எந்த ஆல்கீன் அதிகம் வரும்: முதலில் ஹைட்ரஜன்களை எண்ணுங்கள்

கேள்வி: "2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனோடு சோடியம் ஈதாக்சைடு சேர்த்தால் 2-மெத்தில்-2-பியூட்டீன் அதிகம் வரும் என்கிறார்கள். பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு சேர்த்தால் 2-மெத்தில்-1-பியூட்டீன் அதிகம் வருமாம். நிலைப்புத்தன்மை கூடிய ஆல்கீன்தானே எப்போதும் வர வேண்டும்? காரம் பருமனானதும் விதி ஏன் தலைகீழாகிறது? தேர்வில் எதை நம்பி எழுதுவது?"

உங்கள் குழப்பத்தின் வேர் காரத்தில் இல்லை. "நிலைப்புத்தன்மை கூடியதுதானே வர வேண்டும்" என்று நீங்கள் நினைப்பதில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டால் பருமனான காரம் செய்வது தானாகவே புரியும். வகுப்பில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஆல்கைல் தொகுதிகள் கூடிய ஆல்கீன் வரும் என்ற சைட்சேவ் ஒரு பக்கம், அவை குறைந்த ஆல்கீன் வரும் என்ற ஹாஃப்மன் இன்னொரு பக்கம் என்று இரண்டு விதிகளாக மனப்பாடம் செய்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். உண்மையில் ஒரே கணக்குதான். அதில் வரும் ஓர் எண் காரத்துக்குக் காரம் மாறுகிறது, அவ்வளவே.

வலிய காரம் போதுமான செறிவில் இருக்கும்போது நடப்பது E2 வினை. காரம் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அதே நேரத்தில் இரட்டைப் பிணைப்பு உருவாகிறது, புரோமைடு வெளியேறுகிறது. எல்லாம் ஒரே படியில் முடிகிறது. ஆல்கஹால் கரைசலில், சாதாரணமாகச் சூடாக்கும் வெப்பநிலையில், உருவான ஆல்கீன் திரும்பிப் போய் இன்னொரு ஆல்கீனாக மாறுவதில்லை. ஆகவே எந்த ஆல்கீன் நிலைப்புள்ளது என்ற கேள்வி இங்கே நேரடியாகத் தீர்ப்பு சொல்லாது. எந்த ஹைட்ரஜன் வேகமாகப் பிடுங்கப்படுகிறது என்பதே தீர்மானிக்கும். நிலைப்புத்தன்மை அந்த வேகத்தைப் பாதிக்கும் காரணங்களில் ஒன்று மட்டும்.

உங்கள் சேர்மத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கார்பனில் புரோமின் இருக்கிறது. அதே கார்பனோடு இரண்டு மெத்தில் தொகுதிகளும் ஓர் எத்தில் தொகுதியும் இணைந்திருக்கின்றன. மெத்தில்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பவை. அவற்றில் எதிலிருந்து ஹைட்ரஜன் போனாலும் கிடைப்பது 2-மெத்தில்-1-பியூட்டீன். எத்திலின் CH2 பகுதியிலிருந்து ஹைட்ரஜன் போனால் 2-மெத்தில்-2-பியூட்டீன். முதல் வகை ஹைட்ரஜன்கள் 6, இரண்டாம் வகை 2. படத்தை வரைந்து இந்த எண்களைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான்.

எத்தனாலில் ஈதாக்சைடு கொண்டு செய்தால் 2-மெத்தில்-2-பியூட்டீன் ஏறத்தாழ 70 விழுக்காடு, 2-மெத்தில்-1-பியூட்டீன் 30 விழுக்காடு. டெர்ட்-பியூட்டனாலில் டெர்ட்-பியூட்டாக்சைடு கொண்டு செய்தால் அது ஏறத்தாழ 28-க்கு 72. இந்த எண்களை மட்டும் பார்த்தால் விதி கவிழ்ந்ததுபோலத்தான் தெரியும். இப்போது ஒவ்வோர் எண்ணையும் அந்தந்த வகை ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஈதாக்சைடில் 70-ஐ 2-ஆல் வகுத்தால் 35, 30-ஐ 6-ஆல் வகுத்தால் 5. அதாவது CH2-வில் உள்ள ஒரு ஹைட்ரஜன், மெத்திலில் உள்ள ஒரு ஹைட்ரஜனைவிட 7 மடங்கு வேகமாகப் போகிறது. டெர்ட்-பியூட்டாக்சைடில் 28-ஐ 2-ஆல் வகுத்தால் 14, 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. ஏறக்குறைய சமம்!

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பருமனான காரம் மெத்தில் ஹைட்ரஜனைத் "தேடிப் போய்" எடுக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். இந்தச் சேர்மத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஹைட்ரஜன் என்று பார்த்தால் டெர்ட்-பியூட்டாக்சைடுக்கு இரண்டு வகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். CH2 ஹைட்ரஜனுக்கு இருந்த 7 மடங்கு சாதகத்தை அது அழித்துவிட்டது. சாதகம் போன பிறகு எஞ்சுவது எண்ணிக்கை. 6-க்கு 2 என்ற நிலையில் மெத்தில்கள் வெல்கின்றன. விதி தலைகீழானதாக உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான்.

அந்த 7 மடங்கு சாதகம் எங்கிருந்து வந்தது? காரம் ஹைட்ரஜனைப் பாதி இழுத்து, புரோமின் பாதி விலகி நிற்கும் இடைநிலையை எண்ணிப் பாருங்கள். இரட்டைப் பிணைப்பு அங்கேயே ஓரளவு உருவாகிவிட்டது. இரட்டைப் பிணைப்பில் ஆல்கைல் தொகுதிகள் கூடினால் ஆல்கீன் நிலைப்புக் கூடும். அதன் ஒரு பங்கு இடைநிலைக்கும் கிடைக்கிறது. ஹைட்ரஜனேற்ற வெப்பத்தை வைத்து அளந்தால் 2-மெத்தில்-2-பியூட்டீன் மற்றதைவிட மோலுக்கு ஏறத்தாழ 7 கிலோஜூல் நிலைப்பு அதிகம் உள்ளது. இரண்டு ஆல்கீனும் சமநிலையில் இருந்தால் இந்த வேறுபாட்டுக்கு 2-மெத்தில்-2-பியூட்டீன் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாக வேண்டும். நமக்குக் கிடைப்பது 70. ஈதாக்சைடிலும்கூட நிலைப்புத்தன்மை முழுத் தீர்ப்பு எழுதவில்லை என்பதற்கு இதுவே சான்று. சைட்சேவ் விதி என்று நாம் சொல்வது, இடைநிலை தன் பங்குக்கு எட்டிய அளவு நிலைப்பைத்தான் காட்டுகிறது.

அலெக்சாண்டர் சைட்சேவ் கசானில் பணியாற்றிய ரஷ்ய வேதியியலாளர். 1875-இல் அவர் சொன்னதும் அனுபவத்திலிருந்து எடுத்த ஒரு போக்குதான்: ஹைட்ரஜன் குறைவாக உள்ள பக்கத்துக் கார்பனிலிருந்துதான் ஹைட்ரஜன் போகும். இதைக் கூர்ந்து படியுங்கள். ஹைட்ரஜன் குறைந்த கார்பன் என்றால் எண்ணிக்கையில் ஏற்கெனவே பின்தங்கிய கார்பன். ஆகவே சைட்சேவ் விளைபொருள் எப்போதும் எண்ணிக்கையை எதிர்த்து வெல்ல வேண்டியிருக்கிறது. சாதகம் சற்றுக் குறைந்தாலே தோற்கும் நிலையில்தான் அது எப்போதும் இருக்கிறது. காரத்தின் அளவைக் கொஞ்சம் மாற்றியதும் விகிதம் இப்படிப் புரண்டுபோவதற்கு இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி, காரம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. E2-வில் பிடுங்கப்படும் ஹைட்ரஜன் புரோமினுக்கு நேர் எதிர்ப்புறம், ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நம் சேர்மத்தில் அப்படி நிற்கும் ஹைட்ரஜன், இரண்டாம் கார்பனின் மற்ற இரண்டு கிளைகளுக்கும் நடுவில் மாட்டியிருக்கும். இந்த நெரிசல் இரண்டு வகை ஹைட்ரஜனுக்கும் உண்டு. CH2 ஹைட்ரஜனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடை இருக்கிறது: அதே கார்பனில் தொங்கும் நான்காம் கார்பனின் மெத்தில் தொகுதி. மெத்தில் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன்தான். ஈதாக்சைடின் ஆக்சிஜனுக்குப் பின்னால் ஒரு CH2 இருக்கிறது. அது திரும்பி வளைந்து இடுக்கில் நுழைந்துவிடும். டெர்ட்-பியூட்டாக்சைடின் ஆக்சிஜனை ஒட்டி மூன்று மெத்தில்கள் சுற்றிலும் நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மெத்தில் முன்னால் வரும். அதற்கு அந்தக் கூடுதல் தடை உறைக்கும். ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பின் நிலைப்பு ஆற்றலைக் குறைக்கிறது, மறுபக்கம் நெரிசல் ஆற்றலைக் கூட்டுகிறது. டெர்ட்-பியூட்டாக்சைடில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. 14-க்கு 12 என்ற கணக்கு காட்டுவது அதைத்தான்.

இது வெறும் ஊகம் இல்லை என்று காட்டியவர் ஹெர்பர்ட் பிரவுன். போரான் வேதியியலுக்காக 1979-இல் நோபல் பெற்றவர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். 1950-களில் மோரிட்டானி முதலியோரோடு சேர்ந்து, காரத்தை மட்டும் படிப்படியாகப் பெரிதாக்கி, இந்த நீக்கல் வினைகளை அளந்தார். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 2-புரோமோ-2,3-டைமெத்தில்பியூட்டேன். இங்கே ஒரு பக்கம் இரண்டு மெத்தில்கள், 6 ஹைட்ரஜன். மறுபக்கம் ஒரே ஒரு ஹைட்ரஜன் உள்ள CH. அந்த ஒன்று போனால் நான்கு மெத்தில்கள் சூழ்ந்த ஆல்கீன் கிடைக்கும். மெத்தில் பக்கம் போனால் நுனியில் இரட்டைப் பிணைப்பு உள்ள ஆல்கீன். ஈதாக்சைடில் நான்கு மெத்தில் ஆல்கீன் 79 விழுக்காடு, நுனி ஆல்கீன் 21. டெர்ட்-பியூட்டாக்சைடில் 27-க்கு 73. மெத்தில்களுக்குப் பதில் மூன்று எத்தில்கள் உள்ள இன்னும் பெரிய ஆல்காக்சைடில் 8-க்கு 92.

இதற்கும் அதே வகுத்தலைச் செய்வோம். ஈதாக்சைடில் 79-க்கு எதிராக 21-ஐ 6-ஆல் வகுத்த 3.5. CH ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 22 மடங்கு சாதகம். டெர்ட்-பியூட்டாக்சைடில் 27-க்கு எதிராக 12 சொச்சம். அதாவது நுனி ஆல்கீன் 73 விழுக்காடு வந்த பிறகும், ஒரு ஹைட்ரஜனுக்கு என்று பார்த்தால் CH இன்னும் 2 மடங்கு வேகம்! மூன்று எத்தில் உள்ள காரத்தில்தான் 8-க்கு 15 என்று உண்மையிலேயே மெத்தில் ஹைட்ரஜன் முந்துகிறது. பருமன் காரணமாகக் காரம் மெத்தில் ஹைட்ரஜனை விரும்புகிறது என்ற சொல் அந்தக் கடைசிக் காரத்துக்குத்தான் நேர்ப் பொருளில் பொருந்தும்.

இங்கே உறுதியானதையும் விவாதத்துக்கு உரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். விகிதங்கள் அளந்தவை. காரம் பெரிதாகப் பெரிதாக நுனி ஆல்கீன் கூடுகிறது என்பதும் உறுதி. இதற்கு முழுக் காரணமும் இட நெரிசல்தானா என்பதில் பிரவுனுக்கும் பிரிட்டிஷ் வேதியியலாளர் கிறிஸ்டோபர் இங்கோல்டு வழி வந்தவர்களுக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. இங்கோல்டு பக்கம் ஹைட்ரஜனின் அமிலத்தன்மையையும் எலக்ட்ரான் விளைவுகளையும் முன்வைத்தது. டெர்ட்-பியூட்டாக்சைடு ஈதாக்சைடைவிடப் பெரியது மட்டுமல்ல, வலிய காரமும்கூட. தவிர, டெர்ட்-பியூட்டனால் முனைவுத்தன்மை குறைந்த கரைப்பான். அதில் ஆல்காக்சைடு தனி அயனியாக நீந்தாமல் பொட்டாசியத்தோடு ஒட்டிய இணையாகவும் திரளாகவும் இருக்கிறது. ஆகவே ஈதாக்சைடிலிருந்து டெர்ட்-பியூட்டாக்சைடுக்குத் தாவும்போது அளவு, வலிமை, கரைப்பான் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அந்த ஒரு தாவலை மட்டும் வைத்து எல்லாம் பருமனால் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று எத்தில் உள்ள காரம் முக்கியம் என்கிறேன். அது டெர்ட்-பியூட்டாக்சைடைப் போலவே மூன்றாம் நிலை ஆல்காக்சைடு. காரத் தன்மையில் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க இடமில்லை. கூடியது அளவுதான். 27 விழுக்காடு 8-க்கு இறங்கியதை நெரிசலைத் தவிர வேறெதற்கும் கணக்கு எழுதுவது கடினம். நெரிசல் பெரிய காரணம், மற்றவை உடன் உதவுகின்றன என்பது என் முடிவு.

நெரிசலின் வலிமையைக் காட்டும் இன்னொரு சேர்மம் 2-புரோமோ-2,4,4-டிரைமெத்தில்பென்டேன். இதில் CH2-வுக்கு அடுத்து ஒரு டெர்ட்-பியூட்டைல் தொகுதியே உட்கார்ந்திருக்கிறது. சின்னக் காரமான ஈதாக்சைடு போட்டாலும் 86 விழுக்காடு நுனி ஆல்கீன்தான் வருகிறது. டெர்ட்-பியூட்டாக்சைடில் 98. சின்னக் காரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சைட்சேவ் என்று எழுதினால் இங்கே தவறாகும். சுவையான செய்தி என்னவென்றால், இந்த இணையில் நிலைப்பு கூடியதும் நுனி ஆல்கீன்தான். பதிலீடு கூடிய ஆல்கீனில் டெர்ட்-பியூட்டைலும் ஒரு மெத்திலும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஆல்கைல் தொகுதிகளை எண்ணுவது நிலைப்பை மதிப்பிடும் குறுக்குவழி. தொகுதிகள் பெரிதானால் அந்தக் குறுக்குவழி ஏமாற்றும்.

காரம் அப்படியே இருக்க, வெளியேறும் தொகுதி மாறினாலும் விகிதம் நகரும். 2-ஹாலோஹெக்சேன்களோடு மெத்தாக்சைடு வினைபுரியும்போது அயோடைடில் 1-ஹெக்சீன் 19 விழுக்காடு, புரோமைடில் 28, குளோரைடில் 33, ஃபுளோரைடில் 70. காரம் ஒன்றே, நெரிசலும் பெரிதாக மாறவில்லை. ஃபுளோரைடு எளிதில் விலகாததால், அது கிளம்பும் முன்பே ஹைட்ரஜன் பெரும்பாலும் பிடுங்கப்பட்டு, கார்பனில் எதிர்மின் தன்மை சேர்ந்துவிடுகிறது. இரட்டைப் பிணைப்பு இன்னும் சரியாக உருவாகவில்லை. ஆகவே அதன் நிலைப்பு இடைநிலைக்கு எட்டவில்லை. ஆல்கைல் தொகுதி குறைந்த கார்பனில் எதிர்மின் சுமை எளிதாக அமரும் என்பதால் நுனி மெத்தில் வெல்கிறது. ஹாஃப்மன் 1851-இல் ஆராய்ந்த குவாட்டர்னரி அம்மோனியம் ஹைட்ராக்சைடுகளும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. அங்கே டிரைமெத்தில்அமீன் என்ற பெரிய தொகுதி வெளியேறுகிறது என்பதால் நெரிசலும் கை கொடுக்கிறது. இரண்டாம் நிலை பியூட்டைல் டிரைமெத்தில்அம்மோனியம் ஹைட்ராக்சைடைச் சூடாக்கினால் 1-பியூட்டீன் 95 விழுக்காடு வரும். அங்கே காரம் சாதாரண ஹைட்ராக்சைடு. பருமன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நுனி ஆல்கீன் வந்தாலே காரம் பருமனானது என்று பின்னோக்கி ஊகிக்காதீர்கள்.

வளையச் சேர்மங்களில் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். சைக்ளோஹெக்சேனில் ஹாலஜனும் ஹைட்ரஜனும் இரண்டும் அச்சு நிலையில், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால்தான் E2 நடக்கும். மெந்தைல் குளோரைடில் அந்த அமைப்புக்குக் கிடைப்பது ஒரே ஹைட்ரஜன். ஈதாக்சைடு போட்டாலும் பதிலீடு குறைந்த 2-மெந்தீன் மட்டுமே வரும், அதுவும் மெதுவாக. குளோரின் எதிர்ப்பக்கம் திரும்பிய நியோமெந்தைல் குளோரைடில் இரண்டு ஹைட்ரஜன்களும் சரியான இடத்தில் நிற்பதால் பதிலீடு கூடிய 3-மெந்தீன் முக்கால் பங்குக்கு மேல் வந்துவிடும். வளையத்தைக் கண்டால் முதலில் நாற்காலி அமைப்பை வரைந்துவிட்டுத்தான் காரத்தைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் இதை ஆய்வகத்தில் செய்து பார்க்கப் போகிறவரா, தேர்வுக்கு மட்டும் படிக்கிறவரா தெரியவில்லை. செய்து பார்ப்பவருக்குச் சில சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள விகிதம் வரவில்லை என்று மாணவர்கள் வந்து நிற்கும்போது நான் முதலில் கேட்பது, டெர்ட்-பியூட்டாக்சைடை எதில் கரைத்தீர்கள் என்பதுதான். பாட்டில் கையில் கிடைத்தது என்று எத்தனாலில் கரைத்தால் கதை முடிந்தது. எத்தனால் டெர்ட்-பியூட்டனாலைவிட வலிய அமிலம். உடனே புரோட்டானைக் கொடுத்துவிட்டு ஈதாக்சைடாக மாறிவிடும். குடுவையில் நீங்கள் நினைத்த காரமே இல்லை. விகிதம் 70-க்கு 30 பக்கம் போய்விடும். பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடைத் திறந்து வைத்தாலும் இதே சிக்கல்தான். காற்றின் ஈரத்தை இழுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆகிவிடும். அதுவும் சின்னக் காரம். சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் இந்தத் தூளை நிறுத்து எடுப்பதற்கே அவசரப்பட வேண்டும். டெர்ட்-பியூட்டனால் 25 டிகிரி அளவில் உறைந்துவிடும் என்பதால் குளிரூட்டிய அறையில் பாட்டிலுக்குள் கட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம். வெந்நீரில் வைத்து உருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, கடைசியில் அமிலம் பட்டதா என்பது. காரத்தில் ஆல்கீன்கள் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை என்று மேலே சொன்னேன். அமிலத்தில் அப்படி இல்லை. 2-மெத்தில்-1-பியூட்டீனுக்கு ஒரு புரோட்டான் கிடைத்தால் மூன்றாம் நிலை கார்போகேஷன் ஆகும். அது புரோட்டானை இழக்கும்போது பெரும்பாலும் 2-மெத்தில்-2-பியூட்டீனாகத்தான் வெளிவரும். அப்போது நீங்கள் அளப்பது நீக்கல் வினையின் விகிதம் இல்லை, அதற்குப் பிறகு நடந்த வேறொன்றின் விகிதம்.

விளைபொருள்களை அடையாளம் காண்பது எளிது. 2-மெத்தில்-1-பியூட்டீன் 31 டிகிரியிலும் மற்றது 38 டிகிரியை ஒட்டியும் கொதிக்கும். தொடக்கப் புரோமைடு 107 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் ஆல்கீன் கலவை தானாக மேலே வந்து சேரும். ஏற்கும் குடுவை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த கொதிநிலை உள்ளது பறந்துவிட்டு, மற்றது அதிகம்போலத் தெரியும். விகிதத்துக்கு வாயு குரோமடோகிராஃபி நல்லது. புரோட்டான் என்எம்ஆர் எடுத்தால் 4.7 பிபிஎம் பக்கம் நுனி ஆல்கீனின் =CH2 தெரியும், 5.2 பக்கம் மற்றதன் =CH தெரியும். ஒன்றில் இரண்டு புரோட்டான், மற்றதில் ஒன்று. 4.7-இல் வரும் பரப்பைப் பாதியாக்காமல் ஒப்பிட்டால் நுனி ஆல்கீன் இருமடங்காகத் தோன்றும். இங்கேயும் ஹைட்ரஜனை எண்ணத்தான் வேண்டும்.

இனி தேர்வுக்கு வருவோம். பக்கத்துக் கார்பன்களைக் குறித்து, கிடைக்கக்கூடிய ஆல்கீன்கள் எல்லாவற்றையும் முதலில் வரையுங்கள். ஒரே ஆல்கீன்தான் சாத்தியம் என்றால் காரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். 1-புரோமோபியூட்டேனில் 1-பியூட்டீன்தான் வரும். அங்கே டெர்ட்-பியூட்டாக்சைடைப் போடுவது வேறு காரணத்துக்காக: சின்ன ஆல்காக்சைடு போட்டால் SN2 என்ற பதிலீட்டு வினை நடந்து ஈதர் அதிகம் வந்துவிடும், அதைத் தடுக்க. இரண்டு ஆல்கீன் சாத்தியம் என்றால், ஏதாவது ஒன்றில் இரட்டைப் பிணைப்பு பென்சீன் வளையத்தோடோ இன்னோர் இரட்டைப் பிணைப்போடோ இணைகிறதா என்று பாருங்கள். இணைந்தால் பொதுவாக அதுவே முதன்மை. பருமனான காரத்தாலும் அதை எளிதில் கவிழ்க்க முடியாது, ஏனென்றால் அந்த ஹைட்ரஜன் அமிலத்தன்மையும் கூடியது. அப்படி எதுவும் இல்லாத, வளையம் அல்லாத குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்றால், ஈதாக்சைடு, மெத்தாக்சைடு, ஆல்கஹாலில் கரைத்த KOH மூன்றுக்கும் பதிலீடு கூடிய ஆல்கீன். டெர்ட்-பியூட்டாக்சைடுக்குப் பதிலீடு குறைந்தது. வினாத்தாள் எதிர்பார்ப்பது இதைத்தான். வலிய காரம் எதுவும் கொடுக்காமல் மூன்றாம் நிலை ஹாலைடை ஆல்கஹாலில் வெறுமனே சூடாக்கினால் அது E1 வழி. கார்போகேஷன் முதலில் உருவாகிவிடுவதால் பதிலீடு கூடியதை எழுதுங்கள்.

DBU என்ற நைட்ரஜன் காரத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அது பருமனானதுதான், ஆனால் அதன் பயன் முக்கியமாக SN2-ஐத் தவிர்ப்பதில் இருக்கிறது. அதைப் பார்த்த உடனே நுனி ஆல்கீன் என்று எழுதப் பழகாதீர்கள். அதன் நைட்ரஜன் டெர்ட்-பியூட்டாக்சைடின் ஆக்சிஜனைப் போல மூன்று மெத்தில்களால் சூழப்படவில்லை. பல சேர்மங்களில் அது பதிலீடு கூடிய ஆல்கீனையே தருகிறது.

கடைசியாக, நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. 2-புரோமோபியூட்டேனில் ஒரு பக்கம் மெத்திலின் 3 ஹைட்ரஜன், மறுபக்கம் CH2-வின் 2 ஹைட்ரஜன். ஈதாக்சைடில் 2-பியூட்டீன்கள் சேர்ந்து 81 விழுக்காடு, 1-பியூட்டீன் 19. வகுத்தால் CH2 ஹைட்ரஜனுக்கு 6 மடங்குக்கு மேல் சாதகம், உங்கள் சேர்மத்தில் வந்த 7-க்கு மிக அருகில். டெர்ட்-பியூட்டாக்சைடில் இந்தச் சாதகம் ஏறக்குறைய போய்விடும் என்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது 3-க்கு 2 என்ற எண்ணிக்கைதான். 6-க்கு 2 இருந்த இடத்தில் கிடைத்த தெளிவான வெற்றி இங்கே கிடைக்காது. நடப்பதும் அதுவே: டெர்ட்-பியூட்டனாலில் 1-பியூட்டீன் ஏறத்தாழ பாதி அளவுதான் வருகிறது. விடைக்குறிப்பில் 1-பியூட்டீன் முதன்மை என்று இருக்கும், நீங்களும் அதையே குறியுங்கள். ஆனால் அந்த வினையைக் குடுவையில் நடத்தித் தூய 1-பியூட்டீன் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.